தாமதமான ஆர்டருக்கு மன்னிப்புக் கேரசல்: முதலில் தேதியைக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: நானும் என் தங்கையும் கையால் தைத்த நோட்டுப் புத்தகங்களை இன்ஸ்டாகிராமில் விற்கிறோம். புது டிசைன் ஒன்றை வெளியிட்டு, 10 நாளில் அனுப்பிவிடுவோம் என்று சொல்லியிருந்தோம். ஐந்தே நாளில் 180 ஆர்டர் வந்துவிட்டது. அட்டைத் துணி வந்து சேரவே 10 நாளானது. துணி வந்தபின் 12 வேலை நாளில் முதல் 74 ஆர்டரை வரிசைப்படி அனுப்பினோம்; 106 பாக்கி. முழுமூச்சாக உட்கார்ந்தால் நாளுக்கு 10 கூட முடிப்போம். தினமும் கோபமான மெசேஜ் வருகிறது. மன்னிப்புக் கேட்டு ஏழு ஸ்லைடில் ஒரு கேரசல் தயாரித்திருக்கிறேன்: துணி தாமதம், அம்மாவின் உடல்நிலை, எங்கள் உழைப்பு, விரைவில் அனுப்புவோம் என்ற உறுதி, கடைசியில் எல்லோருக்கும் 5 சதவீதக் கூப்பன். தங்கை படித்துவிட்டு அழுதுவிட்டாள். இப்படியே போடலாமா?

பதில்:

கேரசல் போடுங்கள், ஆனால் இதைப் போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய ஸ்லைடுகளை, 112-வது ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்கும் ஒருவராக என்னை நினைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். ஏழாவது ஸ்லைடைத் தாண்டியபோதும் என் பார்சல் எந்தத் தேதியில் கிளம்பும் என்று எனக்குத் தெரியவில்லை. அது தெரியாதவரை அவர் மறுபடியும் உங்களுக்கு மெசேஜ் அனுப்பத்தான் செய்வார். இந்த முறை கொஞ்சம் கூடுதல் கோபத்தோடு. ஏனென்றால் இன்ஸ்டாகிராமில் பதிவு போட உங்களுக்கு நேரமிருக்கிறது, தனக்குப் பதில் போட நேரமில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும்.

எனவே டிசைன் செயலியைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துவிட்டு, ஒரு தாளில் கணக்குப் போடுவோம். நாளுக்கு 10 முடிப்போம் என்பது நல்ல நாளின் கணக்கு. உங்கள் கையில் அதைவிட நம்பகமான ஒன்று இருக்கிறது: 12 வேலை நாளில் 74. அதாவது நாளுக்கு ஆறு. வெளியே சொல்லப்போகும் தேதியை இந்த ஆறை வைத்துக்கூடப் போடாதீர்கள், ஐந்தை வைத்துப் போடுங்கள். இனி வரும் நாட்களில் தைப்பதோடு கேள்விகளுக்குப் பதில் சொல்வது, ரீஃபண்ட் அனுப்புவது, திரும்பி வந்த பார்சலை மறுபடி கட்டுவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். அந்த ஒரு நோட்டு அதற்கான இடைவெளி.

106-ஐ ஐந்தால் வகுத்தால் 22 வேலை நாள். இதை ஒரே தேதியாக அறிவித்தால் 75-வது ஆர்டர்காரரும் அநாவசியமாக நான்கு வாரம் காத்திருப்பதாக நினைப்பார். அதனால் மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்: 75 முதல் 110 வரை 36 ஆர்டர், 111 முதல் 145 வரை 35, 146 முதல் 180 வரை 35. முதல் கூட்டம் முடிய எட்டு வேலை நாள், இரண்டாவது முடிய மொத்தம் 15, மூன்றாவது முடிய 22. ஞாயிறு விடுமுறை என்று வைத்து, நவம்பர் 3 திங்கட்கிழமை தொடங்குவதாக எடுத்துக்கொண்டால் தேதிகள் நவம்பர் 11, 19, 27 என்று வருகின்றன. உங்கள் தொடக்க நாள் வேறாக இருந்தால் அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள். நடுவில் அரசு விடுமுறை வந்தால் அன்று கூரியர் எடுக்காமல் போகலாம், அதையும் கழியுங்கள்.

இந்தத் தேதிகள் பார்சலைக் கூரியரிடம் ஒப்படைக்கும் தேதிகள். வீட்டுக்குப் போய்ச் சேரும் தேதியை நீங்கள் வாக்காகக் கொடுக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. அதே சமயம், முன்கூட்டியே லேபிள் போட்டு டிராக்கிங் நம்பரை அனுப்பி ஆளைச் சமாதானப்படுத்தும் வழக்கமும் வேண்டாம். நிறையச் சிறு கடைகள் இதைச் செய்கின்றன. வாங்கியவர் அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தால், தகவல் பதிவாகியிருக்கிறது, பார்சல் இன்னும் வரவில்லை என்று நான்கு நாள் அதே வரி நிற்கும். அப்போது அவருக்கு முதல் தடவையாக உங்கள் நேர்மைமீதே சந்தேகம் வரும். பார்சல் உங்கள் கையை விட்டுப் போன அன்று மாலை நம்பர் அனுப்பினால் போதும்.

கணக்கு கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அது துணி தாமதம் பற்றிய உங்கள் ஸ்லைடைக் கவிழ்த்துவிடுகிறது. துணி நேரத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆர்டர் வந்த ஐந்து நாளையும் சேர்த்தால் கடைசி ஆர்டரின் கெடுவுக்குள் 15 நாள். நாளுக்கு ஆறு என்றால் 90. நீங்கள் சொல்கிற 10 என்ற வேகத்திலேயே போயிருந்தாலும் 150. ஆர்டரோ 180. அதாவது துணி முதல் நாளே வாசலில் வந்து இறங்கியிருந்தாலும் 30 பேருக்காவது வாக்குத் தவறியிருக்கும். துணிக்காரர் தாமதித்தது உண்மைதான். ஆனால் இந்த 106-க்கு முக்கியக் காரணம், எத்தனை முடியும் என்று எண்ணாமல் ஆர்டர் பெட்டியைத் திறந்து வைத்தது. பழியைத் துணிமேல் போட்டால் இரண்டு நஷ்டம். ஒன்று, கணக்குத் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவராவது கமெண்ட்டில் இதே வகுத்தலைப் போட்டுக் காட்டுவார். இரண்டு, இனி என்ன மாறும் என்ற ஸ்லைடில் நீங்கள் துணிக்காரரை மாற்றப் போவதாக எழுதுவீர்கள். அடுத்த வெளியீட்டிலும் இதே கதை நடக்கும்.

இப்போது, இந்தக் கேரசல் யாரைப் போய்ச் சேரும் என்று பார்ப்போம். காத்திருக்கும் 106 பேரையும் அது சேராது. உங்கள் பதிவை இன்ஸ்டாகிராம் எல்லாப் பின்தொடர்பவர்களுக்கும் காட்டுவதில்லை. வாங்கியவர்களில் பலர் உங்களைப் பின்தொடரவே இல்லாமல் இருக்கலாம், தோழி அனுப்பிய இணைப்பு வழியாக வந்து வாங்கிப் போனவர்களாக இருக்கலாம். ஆகவே தனிச்செய்திதான் அறிவிப்பு. கேரசல் அதன் பொதுப் பிரதி. முதலில் 106 பேருக்கும் அவர்கள் ஆர்டர் கொடுத்த வழியிலேயே, மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ டிஎம்மோ, ஆளுக்கொன்றாகச் செய்தி போக வேண்டும். அதில் அவருடைய ஆர்டர் எண்ணும் அவருடைய தேதியும் இருக்க வேண்டும். எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும்படி ஒரே குழுவில் போட்டுவிடாதீர்கள். டிஎம்மில் ஒரே வாசகத்தைக் கடகடவென்று நூறு பேருக்கு ஒட்டினால் ஸ்பேம் என்று கணக்கு முடங்கும் ஆபத்து உண்டு, அதனால் இரண்டு நாளில் பிரித்து அனுப்புங்கள். எல்லோருக்கும் போன பிறகே பதிவு. தன் பார்சல் தாமதம் என்பதை ஊரோடு சேர்ந்து பதிவில் பார்த்துத் தெரிந்துகொள்ள யாருக்கும் பிடிக்காது.

அப்படியானால் கேரசல் எதற்கு என்று கேட்பீர்கள். செய்தியைத் தவறவிட்டவர்கள் நேராக உங்கள் பக்கத்துக்குத்தான் வருவார்கள். இன்னும் வாங்காதவர்களும் வருவார்கள், பழைய பதிவுகளின் கீழே இருக்கும் புகார்களைப் படித்துவிட்டு. இந்த இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்க வேண்டும். அதற்காகவே பதிவைப் பக்கத்தின் உச்சியில் பின் செய்யச் சொல்கிறேன்.

ஸ்லைடு ஐந்து போதும். ஒவ்வொன்றாக வாசகத்தைத் தருகிறேன், உங்கள் பேச்சு நடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் ஸ்லைடு:

"ஆர்டர் எண் 75 முதல் 180 வரை: உங்கள் நோட்டு இன்னும் கிளம்பவில்லை.
10 நாளில் அனுப்புவோம் என்றோம். அனுப்பவில்லை. மன்னிக்கவும்.
உங்கள் தேதி அடுத்த ஸ்லைடில்."

அன்பு வாடிக்கையாளர்களே என்ற தொடக்கமும், கண்ணீர்த்துளி எமோஜியும், வாடிய பூ படமும் வேண்டாம். முதல் வரியிலேயே இது யாருக்கான பதிவு என்று தெரிந்தால், 40-வது ஆர்டரில் நோட்டு வாங்கிவிட்டவர் பதறாமல் கடந்துபோவார். மன்னிப்பு ஒரு முறை, நேராக. சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்று எழுதாதீர்கள். சிரமம் ஏற்பட்டிருக்கிறது, அதில் ‘இருந்தால்’ ஒன்றும் இல்லை.

இரண்டாம் ஸ்லைடு:

"பாக்கி ஆர்டர்கள் கூரியருக்குப் போகும் கடைசித் தேதி
75 – 110: நவம்பர் 11
111 – 145: நவம்பர் 19
146 – 180: நவம்பர் 27
பார்சல் கிளம்பும் அன்று மாலை டிராக்கிங் நம்பர் வரும்."

இந்த ஸ்லைடு தனியாகவே நிற்க வேண்டும், அதனால்தான் மேலே தலைப்பு. முதல் ஸ்லைடைத் தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் அதே பதிவை மறுபடி காட்டும்போது, இரண்டாவது ஸ்லைடிலிருந்து காட்டுவது உண்டு. தலைப்பில்லாத வெறும் எண்களைப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் புரியாது. அதே காரணத்துக்காக இன்று, நாளை, அடுத்த வாரம் போன்ற சொற்களைக் கேரசலில் எங்குமே போடாதீர்கள். நீங்கள் திங்கட்கிழமை போட்ட பதிவு ஒருவர் கண்ணில் சனிக்கிழமை படும். அவருடைய அடுத்த வாரம் வேறு.

படத்தின் மேல் எழுதிய எழுத்தைப் போட்டபின் திருத்த முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். கேப்ஷனைத் திருத்தலாம், ஒரு ஸ்லைடை நீக்கலாம், ஆனால் தேதி தவறாக அச்சான ஸ்லைடை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை வைக்கலாம் என்று நம்பி இறங்காதீர்கள். அதனால் மாறாத விஷயங்கள் ஸ்லைடில், நாளுக்கு நாள் மாறுகிறவை கேப்ஷனில். கேப்ஷனின் முதல் வரியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: "நவம்பர் 6 மாலை நிலவரம்: 95 வரை கிளம்பிவிட்டன." தினமும் மாலை அந்த எண்ணை மட்டும் மாற்றினால் போதும். கேப்ஷனில் முதல் ஓரிரு வரிதான் விரிக்காமலே தெரியும், எனவே அதற்கு மேலே வணக்கமும் முன்னுரையும் ஏறக் கூடாது. தேதிகளையும் கேப்ஷனில் ஒருமுறை எழுத்தாகவே எழுதிவிடுங்கள். கண் தெரியாதவர் திரைவாசிப்பானில் கேட்டால் படத்துக்குள் இருக்கும் எழுத்து அவருக்குக் கிடைக்காமல் போகலாம். படத்துக்கு விளக்கம் எழுதும் மாற்று உரைப் பெட்டியிலும் அதையே ஒட்டுங்கள்.

எழுத்தளவு பற்றி ஒரு சொல். நீங்கள் அனுப்பிய ஸ்லைடுகளில் எழுத்து கணினித் திரையில் அழகாக இருக்கிறது, என் கைபேசியில் எறும்பு வரிசைபோல இருக்கிறது. 1080-க்கு 1350 பிக்சல் படம் கைபேசியில் ஆறேழு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருங்கிவிடும். 40 பிக்சலுக்குக் குறைந்த எழுத்து வேண்டாம். தேதிகள் அதைப்போல இரண்டு மடங்கு இருக்கட்டும். தமிழில் மேலே விசிறியும் கீழே வாலும் உள்ள எழுத்துகள் நிறைய, வரிக்கு வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். இத்தனையும் செய்தால் ஒரு ஸ்லைடில் ஐந்தாறு வரிக்கு மேல் ஏறாது. அது நல்லதே.

மூன்றாவது ஸ்லைடு, என்ன நடந்தது:

"ஒரு நாளைக்கு எங்களால் 6 நோட்டு தைத்து அனுப்ப முடியும். அதை எண்ணாமல் 180 ஆர்டர் எடுத்தோம்.
அட்டைத் துணி கைக்கு வருமுன்பே விற்பனையைத் திறந்தோம். அது 10 நாள் கழித்து வந்தது.
இரண்டும் எங்கள் முடிவுகள்."

இவ்வளவுதான். அம்மாவைப் பற்றிய ஸ்லைடை எடுத்துவிடுங்கள். அவர் நலமடையட்டும், ஆனால் அந்த ஸ்லைடு வந்தவுடன் கமெண்ட் பகுதி முழுக்க உங்கள் நண்பர்களின் ஆறுதல் நிரம்பும். அதற்கு நடுவில் 130-வது ஆர்டர்காரர் தன் நோட்டைப் பற்றிக் கேட்டால் இரக்கமில்லாதவர் ஆகிவிடுவார். அவரை அந்த நிலையில் நிறுத்தக் கூடாது. கேட்க வந்தவர் கேட்காமலே போய், நேராகப் பணம் செலுத்திய வங்கியிடம் புகார் கொடுப்பார். உங்கள் உழைப்பைப் பற்றிய ஸ்லைடும் இப்படித்தான். அந்தப் படங்கள் அழகாக இருக்கின்றன. எல்லாப் பார்சலும் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகப் போடுங்கள்.

நான்காவது ஸ்லைடு இருப்பதிலேயே கடினமானது, உங்கள் வரைவில் அது இல்லவே இல்லை. காத்திருக்க விரும்பாதவர் என்ன செய்வது?

"காத்திருக்கிறீர்களா? எதுவும் செய்ய வேண்டாம், உங்கள் தேதிக்குள் அனுப்புவோம்.
வேண்டாமா? ஆர்டர் எண்ணோடு டிஎம் அனுப்புங்கள். முழுப் பணத்தையும் 2 வேலை நாளுக்குள் திருப்பி அனுப்புவோம். வங்கியில் வரவாக மேலும் சில நாள் ஆகலாம்.
பணம் திருப்ப வங்கி எண், ஓடிபி, பின் எதையும் நாங்கள் கேட்க மாட்டோம்."

சில நாடுகளில் நுகர்வோர் சட்டம், சொன்ன நாளில் அனுப்ப முடியாவிட்டால் புதிய தேதியைச் சொல்லி, ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பையும் கொடுக்கச் சொல்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியைப் படித்துக்கொள்ளுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நடைமுறையில் இந்த வாசல் திறந்திருப்பது தெரிந்தாலே பெரும்பாலானோர் காத்திருப்பார்கள். பூட்டியிருக்கிறது என்று நினைப்பவர்தான் கதவை உடைப்பார்.

ஆனால் இந்த ஸ்லைடைப் போடுமுன் கல்லாவைப் பாருங்கள். ஆர்டர் பணம் முழுவதும் தாளாகவும் துணியாகவும் மாறிவிட்டதா? குறைந்தது 20 ஆர்டருக்கான பணமாவது எடுத்துக் கொடுக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இல்லையென்றால் 2 வேலை நாள் என்பதை நீங்கள் காப்பாற்றக்கூடிய எண்ணாக மாற்றுங்கள். ஒரு வாரம் என்று சொல்லி ஒரு வாரத்தில் கொடுப்பது கௌரவமானது. பணம் அவர் செலுத்திய அதே வழியிலேயே திரும்ப வேண்டும். கட்டணச் செயலி தரும் ரீஃபண்ட் எண்ணை அன்றே அவருக்கு அனுப்புங்கள். கணக்கில் வரவாகும்வரை அவர் கையில் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கும். இன்னொன்று: ரத்தாகும் ஆர்டர்களால் வரிசை குறையும் என்று எண்ணித் தேதிகளை இப்போதே முன்னால் இழுக்காதீர்கள். குறைந்தால் முன்னதாக அனுப்புங்கள்.

ஓடிபி பற்றிய வரி ஏன் என்றால், இப்படி ஒரு பதிவு விழுந்ததும் உங்கள் பெயரையும் படத்தையும் நகலெடுத்த போலிக் கணக்குகள் முளைக்கும். கமெண்ட்டில் ரீஃபண்ட் கேட்டவர்களாகப் பார்த்து, நாங்கள்தான் கடை, விவரம் கொடுங்கள் என்று அவர்களுக்கு டிஎம் போகும். ஏற்கெனவே நோட்டு கிடைக்காதவரின் பணமும் போனால், அந்தக் கோபத்துக்கு எந்த ஸ்லைடும் பதிலாகாது. கமெண்ட்டில் யாராவது ஆர்டர் எண்ணையோ தொலைபேசி எண்ணையோ எழுதினால் உடனே டிஎம்முக்கு அழைத்து, அந்தக் கமெண்ட்டை அவரையே நீக்கச் சொல்லுங்கள். மற்றபடி திட்டுகிற கமெண்ட்டுகளை அழிக்கவோ, கமெண்ட் பகுதியை மூடவோ வேண்டாம். அழித்ததற்கு முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட் எங்கேயாவது இருக்கும்.

சத்தமாகக் கேட்பவருக்கு முதலில் அனுப்பி வாயை அடைக்கலாம் என்ற ஆசை வரும், எல்லோருக்கும் வருகிறது. ஆனால் 170-வது ஆர்டரை முன்னால் அனுப்பினால் 110-க்குள் இருக்கும் ஒருவர் 11-ம் தேதியைத் தாண்டிவிடலாம், நீங்கள் போட்ட அட்டவணையை நீங்களே உடைத்ததாகும். குறிப்பிட்ட நாளுக்குள் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்பவருக்கும் உங்களால் சொல்லக்கூடிய நேர்மையான பதில்: உங்கள் தேதி இது, அதற்குள் பயன்படாது என்றால் பணத்தை இன்றே அனுப்புகிறேன்.

ஐந்தாவது ஸ்லைடு, இனி என்ன மாறும்:

"106 பார்சலும் கிளம்பும்வரை புது ஆர்டர் இல்லை. கடையை மூடிவிட்டோம்.
இனி ஒரு வெளியீட்டுக்கு 50 நோட்டு மட்டும். 50 ஆனதும் தானாக மூடிக்கொள்ளும்.
துணியும் தாளும் எங்கள் அலமாரியில் இருந்தால்தான் விற்பனை திறக்கும்."

இங்கே நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஏற்கெனவே செய்துவிட்டதை, அல்லது வாங்குகிறவர் தன் கண்ணால் சரிபார்க்கக்கூடியதை மட்டுமே எழுத வேண்டும். உங்கள் வரைவில் இருக்கும் புது உதவியாளர், பெரிய இடம், மேம்பட்ட சேவை மூன்றும் இன்னும் நடக்காதவை. உதவியாளர் கிடைக்காமல் போனால் இரண்டாவது மன்னிப்புக் கேரசல் போட வேண்டிவரும். ஆனால் கடை மூடியிருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்க்கலாம். 50 ஆனதும் நிற்கிறதா என்றும் பார்க்கலாம். 50 என்ற எண்ணும் வானத்திலிருந்து வரவில்லை: நாளுக்கு ஐந்து வீதம் 10 வேலை நாள். அடுத்த முறையும் 10 நாள் என்று எழுத ஆசைப்பட்டால், அதை 10 வேலை நாள் என்று எழுதுங்கள். முன்பு நீங்கள் சொன்னதை வாங்கியவர்கள் ஞாயிறும் சேர்த்துத்தான் எண்ணினார்கள். கடைப் பக்கத்தில் இருப்பு எண்ணிக்கை என்ற கட்டத்தை இவ்வளவு நாள் காலியாக விட்டிருந்தீர்கள் என்றால் அங்கே 50 என்று நிரப்புங்கள், மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். டிஎம் வழியே ஆர்டர் எடுத்தால் அப்படிக் கதவு சாத்த ஆளில்லை, தங்கையும் நீங்களும் தனித்தனியே எடுத்து 70 ஆக்கிவிடுவீர்கள். ஒரே ஒருவர் ஒரே தாளில் எண்ணட்டும்.

கேரசல் போட்ட அன்றே, முன்பே நேரம் குறித்துவைத்த விளம்பரப் பதிவுகளையும் பணம் கட்டி ஓடும் விளம்பரத்தையும் நிறுத்துங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். காலையில் மன்னிப்பு, மாலையில் ‘புது நிறங்களில் விரைவில்’ என்று ஒரு ரீல் தானாகப் போய் விழுந்தால் காலையில் எழுதிய அத்தனையும் வீண்.

கூப்பனுக்கு வருகிறேன். ஒரு நோட்டே இன்னும் வராதவரிடம் இன்னொன்று வாங்கினால் 5 சதவீதம் தள்ளுபடி என்று சொல்கிறீர்கள். அது ஈடு ஆகாது, விற்பனை ஆகும். பொதுப் பதிவில் போட்டால் காத்திருக்காதவர்களும் அதை எடுத்துக்கொள்வார்கள். எதையாவது கொடுக்காமல் மனம் ஆறாது என்றால் பார்சலுக்குள் வெட்டி மிஞ்சிய தாளில் தைத்த ஒரு குட்டி நோட்டை வையுங்கள், எங்கும் அறிவிக்காமல். ஆனால் அதைத் தைக்கும் நேரம் நாளுக்கு ஐந்து என்ற கணக்கைத் தின்னுமென்றால் அதுவும் வேண்டாம். அவர்களுக்கு இப்போது வேண்டியது சீக்கிரம்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியது ஒரே எண். நான்காவது வேலை நாளான நவம்பர் 6 மாலைக்குள் 20 பார்சல் போயிருக்க வேண்டும், அதாவது ஆர்டர் எண் 94 வரை. 94 அல்லது அதற்கு மேல் என்றால் தொந்தரவில்லை. 90-ஐக்கூடத் தொடவில்லை என்றால் 11-ம் தேதி கைநழுவுகிறது என்று அர்த்தம், இன்னும் நான்கு நாள் இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். 7-ம் தேதியே வேகத்தை மறுபடி வகுத்து, தவறப்போகிறவர்களுக்கு மட்டும் தனிச்செய்தி அனுப்புங்கள். இரண்டாம் முறை தேதி மாறும்போது பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காத்திருக்கிறேன் என்று அவர் வாயால் சொன்னால் வரிசையில் வையுங்கள், சொல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிவிடுங்கள். கேரசலில் உள்ள தேதிக்கும் புதுத் தேதிக்கும் உள்ள வேறுபாட்டைக் கேப்ஷனின் முதல் வரியிலும், பின் செய்த கமெண்ட்டிலும் எழுதுங்கள். பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால், எதையோ மறைத்ததுபோல் ஆகும்.

எந்த நேரத்தில் போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். அதிகம் பேர் பார்க்கும் நேரத்தைத் தேடாதீர்கள். போட்டபின் இரண்டு மணி நேரம் உங்களில் ஒருவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு கமெண்ட்டுக்குப் பதில் சொல்ல முடிகிற நேரமாகப் பாருங்கள். தனிச்செய்திகளைச் சனி ஞாயிறில் அனுப்பி முடித்தால், திங்கள் காலை முதல் ஐந்து பார்சலைக் கட்டி வைத்துவிட்டு, கூரியர் வந்து எடுத்துப்போன பின் கேரசலைப் போடலாம். அப்போது கேப்ஷனின் முதல் வரியில் 79 என்று எழுதலாம்.